200 × 230: முகம் உப்பாமல், நடுவில் நிற்கும்படி ஒரு தேர்வுப் போட்டோ

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்கு அக்கா பெண் வந்து நின்றாள். மஞ்சக்குப்பம் பக்கம் பேங்க் கோச்சிங் போகிறவள். ஐ.பி.பி.எஸ். விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி மூன்று நாளில் வருகிறது, போட்டோ மட்டும் சரியாக வரவில்லை. வீட்டிலேயே அவள் தம்பி போனில் நல்லபடியாகத்தான் எடுத்திருக்கிறான், அதை ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து அளவுக்கு வெட்டி வாங்கியிருக்கிறாள். முதல் தடவை ஏற்றியபோது ஃபைல் 20 கேபிக்குக் கீழே இருக்கிறது என்று தள்ளிவிட்டது. மறுபடி போய்க் கேட்டதும் அதே ஃபைலைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு அவளுக்கு மனசே இல்லை.

"மாமா, இது நான் மாதிரியே இல்ல. கன்னம்லாம் உப்பிப் போச்சு பாரு. ஹால்ல இத வச்சிதான அடையாளம் பாப்பாங்க?"

அவள் சொன்னது சரிதான். தேர்வு அறையில் ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஆளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள், அந்தப் படத்தில் வேறு யாரோ போல இருந்தால் அங்கே நின்று பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். கடைசி சமர்ப்பிப்பை இன்னும் அழுத்தவில்லை என்றாள், அதனால் நேரம் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து இரண்டு பேரும் முதலிலிருந்து செய்தோம். அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அந்த உப்பிய கன்னத்துக்குக் காரணம் அறிவிப்பிலேயே இருக்கிற இரண்டு எண்கள். பலருக்கும் இதே கதிதான் ஆகிறது என்று நினைக்கிறேன்.

அறிவிப்பில் போட்டோவுக்கு 4.5 செ.மீ. × 3.5 செ.மீ. என்று ஓர் அளவு இருக்கிறது. பக்கத்திலேயே 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் வடிவம் வேறு. 3.5-ஐ 4.5-ஆல் வகுத்தால் 0.78. 200-ஐ 230-ஆல் வகுத்தால் 0.87. அதாவது பிக்சல் சட்டம், பாஸ்போர்ட் போட்டோ சட்டத்தைவிட அகலமானது. 3.5க்கு 4.5 என்று வெட்டிய படத்தை 230 உயரத்துக்குச் சுருக்கினால் அகலம் 179 பிக்சல்தான் வரும். அதை 200 ஆக்க வேண்டும் என்று இரண்டு எண்களையும் பெட்டியில் தட்டிவிட்டு, நீள அகலத்தைச் சேர்த்துப் பிடிக்கிற அந்தச் சங்கிலிக் குறியைக் கழற்றிவிட்டால், படம் பக்கவாட்டில் இழுபட்டு கிட்டத்தட்ட 12 சதவீதம் அகலமாகிவிடும். சுவர் இழுபட்டால் தெரியாது, முகம் இழுபட்டால் உடனே தெரியும்.

இப்படித்தான் நடந்ததா என்று ஊகத்தில் விட மனசு வரவில்லை, அளந்தே பார்த்தோம். ஜிம்ப் என்கிற படத்திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்து மவுஸை ஒரு புள்ளியில் வைத்தால் கீழே இடது மூலையில் அந்த இடத்தின் எண்கள் தெரியும். போனில் எடுத்த அசல் படத்தில் ஒரு கண்மணியிலிருந்து இன்னொரு கண்மணிக்கு 310 பிக்சல், கண்களின் மட்டத்திலிருந்து தாடை நுனிக்கு 560. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.55. சென்டர் கொடுத்த படத்தில் அதே இரண்டு தூரங்களும் 50, 81. வகுத்தால் 0.62. அசல் படம் ஒன்றுதான், முகமும் ஒன்றுதான், அப்படியென்றால் இந்த விகிதம் மாறவே கூடாது. 0.55 எப்படி 0.62 ஆயிற்று? அந்த 12 சதவீதம்தான். உங்கள் போட்டோ இழுபட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அந்த ஃபைலில் இன்னும் இரண்டு கோளாறு இருந்தது. கண்களுக்கு நடுப்புள்ளி 112-இல் விழுந்திருந்தது, 200 அகலத்துக்கு அது 100-இல் இருக்க வேண்டும். தோள்களைப் பார்த்து நடுவைப் பிடித்திருக்கிறார்கள் போல. ஜடையை ஒரு பக்கம் முன்னால் போட்டிருந்தாள், உடம்பும் லேசாகத் திரும்பியிருந்தது, அதனால் தோளுக்கு நடு வேறு, முகத்துக்கு நடு வேறு.

இன்னொரு கோளாறு, படத்தை 800 சதவீதம் பெரிதாக்கிக் காட்டியதும் தெரிந்தது. காதுத் தோட்டைச் சுற்றியும் தாடை ஓரத்திலும் சின்னச் சின்னக் கட்டங்கள், தரை ஓடு பதித்ததுபோல. ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும், தரத்தை ரொம்பக் குறைத்தால் அந்தக் கட்டங்களின் ஓரம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். முதலில் தரத்தை அப்படி ரொம்பக் குறைத்துச் சுருக்கியிருக்கிறார்கள். அப்புறம் அதையே திறந்து முழுத் தரத்தில் மறுபடி சேமித்து 31 கேபி ஆக்கியிருக்கிறார்கள். எடை கூடியது, போன விவரம் போனதுதான். கெட்டுப்போன அந்தக் கட்டங்களை 31 கேபி செலவழித்துத் துல்லியமாகச் சேமித்ததாக ஆயிற்று. அதனால் ஃபைல் 20க்குக் கீழே வந்துவிட்டால் அதே ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு போராடாதீர்கள், அசலுக்குத் திரும்பிப் போங்கள்.

அசல் அவள் போனிலேயே இருந்தது. கேபிள் போட்டு இறக்கிக்கொண்டோம். 3000 × 4000 பிக்சல், வெள்ளைச் சுவர், வாசல் பக்கத்து வெளிச்சம். சுவரை ஒட்டி நிற்காமல் மூன்றடி தள்ளி நிற்க வைத்திருக்கிறான் தம்பி, அதனால் பின்னால் நிழல் விழவில்லை. ஆறடி தூரத்திலிருந்து பின்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறான், அதுவும் நல்லது, கைக்கெட்டுகிற தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும், அதை எந்த வெட்டும் சரிசெய்யாது. வாட்ஸாப்பில் வந்த படம் மட்டும்தான் இருக்கிறது என்கிறவர்கள் பயப்பட வேண்டாம், நமக்குக் கடைசியில் வேண்டியது 160 பிக்சல் உயரத் தலைதான், அதற்கு வாட்ஸாப் படமே பெரும்பாலும் போதும். ஆனாலும் டாகுமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகுமா?

ஜிம்பில் திறந்ததும் படத்தைத் திருப்பவா என்று கேட்டது, `Rotate` கொடுத்தோம். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமித்துவிட்டு, இதைத் திருப்பிக் காட்டு என்று உள்ளே ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத இடத்தில் ஏற்றினால் ஆள் படுத்த மாதிரி தெரியும். இங்கேயே நிஜமாகத் திருப்பிவிட்டால் அந்தக் குறிப்பை நம்பி இருக்க வேண்டியதில்லை.

அடுத்து தலைச் சாய்வு. கண்மணி இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று 11 பிக்சல் கீழே இருந்தது. 310 அகலத்தில் 11 என்றால் சுமார் 2 டிகிரி. பெரிய படத்தில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் சின்னச் சட்டத்துக்குள் வந்ததும் தலை ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருக்கும். `Measure` கருவியை எடுத்து ஒரு கண்மணியிலிருந்து மற்றதுக்கு இழுத்து `Straighten` அழுத்தினால் அந்தக் கோடு படுக்கை மட்டத்துக்கு வந்துவிடும். இதை வெட்டுவதற்கு முன்னால்தான் செய்ய வேண்டும். வெட்டிய பிறகு திருப்பினால் நான்கு மூலையிலும் வெற்றிடம் வந்து, அதைத் தவிர்க்க மறுபடி வெட்டி, அளவு கெட்டுப்போகும். நேராக்கிய படத்தை `nera.png` என்று தனியாகச் சேமித்துக்கொண்டோம்.

இனி எங்கே வெட்டுவது என்கிற கணக்கு. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பொத்தான் அழுத்துகிற வேலை.

நேராக்கிய படத்தில் மறுபடி மூன்று விஷயத்தை மட்டும் குறித்தோம். தலைமுடியின் உச்சி மேலிருந்து 1060-இல். தாடை நுனி 2180-இல். கண்மணிகள் இடமிருந்து 1360, 1670. தலையின் உயரம் 2180-இலிருந்து 1060-ஐக் கழித்தால் 1120. முகத்தின் நடு 1360-ஐயும் 1670-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1515. நடுவுக்குக் காதையோ கூந்தலின் ஓரத்தையோ எடுக்காதீர்கள், ஒரு பக்கம் முடி தடித்திருந்தால், பூ வைத்திருந்தால் ஏமாற்றிவிடும். கண்மணி ஏமாற்றாது. மூக்கு நுனியும் அந்த 1515-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்பத் தள்ளி வந்தால் முகமே திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது வேறு போட்டோ எடுப்பதுதான் வழி.

தலை சட்டத்தின் உயரத்தில் எவ்வளவு இருக்க வேண்டும்? பாஸ்போர்ட் மாதிரிப் படங்களில் 70 முதல் 80 சதவீதம் வைப்பது வழக்கம். நான் 70 பக்கம் வைத்தேன், 80 வைத்தால் கழுத்தும் தோளும் அறவே போய்த் தலை மட்டும் ஒட்டிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. 1120-ஐ 0.7-ஆல் வகுத்தால் 1600. அதாவது வெட்டும் சட்டம் சுமார் 1600 உயரம். இங்கே ஒரு சின்ன வசதி பண்ணிக்கொள்ளலாம்: 200 × 230-ஐ ஒரு முழு எண்ணால் பெருக்கிக் கிடைக்கிற அளவாகவே வெட்டுங்கள். ஏழால் பெருக்கினால் 1400 × 1610. 1600-க்கு ஒட்டியே வருகிறது. இப்படி வெட்டினால் விகிதம் ஒரு பிக்சல்கூடப் பிசகாது, சுருக்கும்போது சரியாக ஏழில் ஒரு பங்காகிறது, மனக்கணக்கும் சுலபம்.

இடது ஓரம்: நடு 1515-இலிருந்து 1400-இல் பாதி 700-ஐக் கழித்தால் 815. மேல் ஓரம்: உச்சிக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் வேண்டும், 150 விட்டோம், 1060-இலிருந்து 150 போனால் 910. அவ்வளவுதான் கணக்கு. ஏழால் வகுத்துப் பார்த்தால் கடைசிப் படத்தில் உச்சிக்கு மேலே 21 பிக்சல், தலை 160, தாடைக்குக் கீழே 48 சொச்சம், கூட்டினால் 230. நடு என்றதும் மேலேயும் கீழேயும் சம இடம் விட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி விட்டால் ஆள் சட்டத்துக்குள் தாழ்ந்து நிற்கிற மாதிரி இருக்கும். பக்கவாட்டில்தான் முகம் சரிநடு, மேல் கீழில் கண்கள் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் பார்வைக்கு இயல்பு. அவளுக்குக் கண் மட்டம் மேலிருந்து 101-இல் வந்தது.

`Crop` கருவியின் பெட்டியில் `Position`-இல் 815, 910 என்றும் `Size`-இல் 1400, 1610 என்றும் எண்ணாகவே தட்டினோம், கையால் இழுக்கவில்லை. அதே பெட்டியில் `Center lines` என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்தால் சட்டத்துக்கு நடுவே நெடுக்கில் ஒரு கோடு ஓடும். அது அவள் நெற்றிப் பொட்டிலும் மூக்கிலும் இறங்கியதைப் பார்த்ததும்தான் என்டர் தட்டினேன்.

அப்புறம் `Image > Scale Image`. அகலத்தில் 200 தட்டி டேப் அழுத்தினால் உயரம் தானாக 230 என்று வர வேண்டும். சங்கிலியைக் கழற்றாமலே வர வேண்டும், அதுதான் சோதனை. 229, 231 என்று வந்தால் வெட்டியது தப்பு, பின்னால் போய்த் திருத்துங்கள், இங்கே அமுக்கிச் சரிசெய்யாதீர்கள். பக்கத்தில் இருக்கிற டிபிஐ எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது அச்சடிக்கும்போது எத்தனை அங்குலத்தில் வர வேண்டும் என்று சொல்கிற குறிப்பு மட்டுமே, 72 இருந்தாலும் 300 இருந்தாலும் 200 × 230 அதே 46,000 பிக்சல்தான். ஏழு மடங்கு சுருங்கியதில் கண் இமையும் புருவமும் கொஞ்சம் மெத்தென்று ஆகியிருந்தன, அதற்கு மட்டும் `Sharpen (Unsharp Mask)` லேசாக ஒரு தடவை. கூட வைத்தால் தாடையைச் சுற்றி வெள்ளைக்கோடு வந்துவிடும்.

கடைசியாக எடை. எல்லாருக்கும் 50 கேபிக்கு மேலே போய்விடுமோ என்றுதான் பயம், ஆனால் இந்த அளவில் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. 46,000 பிக்சல் என்பது ரொம்பச் சின்னப் படம், அதிலும் பாதி வெறும் வெள்ளைச் சுவர், ஜேபெக் அதை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும். `File > Export As` போய் ஜேபெக் பெட்டியில் `Show preview in image window` டிக் செய்தால் எடை எவ்வளவு வரும் என்று அங்கேயே காட்டும். தரம் 90-இல் வைத்தபோது 11 கேபி. 90 நல்ல தரம்தான், சாதாரணமாக அதற்கு மேலே யாரும் போக மாட்டார்கள், ஆனால் இங்கே 20 வேண்டும். தரத்தை 98 ஆக்கி, `Advanced Options` திறந்து `Subsampling`-ஐ `4:4:4 (best quality)` என்று மாற்றியதும் 29 கேபி வந்தது. அந்த இரண்டாவது மாற்றம் என்னவென்றால், ஜேபெக் வழக்கமாக நிற விவரத்தைக் குறைத்துத்தான் சேமிக்கும், 4:4:4 என்றால் குறைக்காமல் முழுதாக வைத்துக்கொள்ளும். எடைக்காகச் செய்தாலும் உதட்டு ஓரமும் பொட்டும் தெளிவாக விழுந்தன, அதனால் அந்த எடை வீண்போகவில்லை.

எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒரு கேபி என்பதைச் சிலது 1000 பைட் என்றும் சிலது 1024 பைட் என்றும் கணக்கிடும். 20,100 பைட் ஃபைலை ஓரிடம் 20.1 என்று ஏற்கும், இன்னோரிடம் 19.6 என்று தள்ளும். 28 முதல் 40 கேபிக்குள் வைத்தால் எப்படிக் கணக்கிட்டாலும் உள்ளேதான் இருக்கும்.

அதே வேலையை மறுநாள் இமேஜ்மேஜிக் 7 என்கிற மென்பொருளின் கட்டளையிலும் செய்து பார்த்தேன், லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும். நேராக்கிய படமும் அந்த நான்கு எண்களும் இருந்தால் இரண்டு வரிதான்:

```
magick nera.png -crop 1400x1610+815+910 +repage -resize '200x230!' -unsharp 0x0.6 -sampling-factor 4:4:4 -strip -quality 98 photo.jpg
magick identify -format '%wx%h %B\n' photo.jpg
```

இரண்டாவது வரி பிக்சல் அளவையும் பைட் எடையையும் சொல்லும். `230!` என்பதில் இருக்கிற ஆச்சரியக்குறி, விகிதத்தைப் பார்க்காமல் அதே அளவுக்குக் கொண்டுவா என்று பொருள். முன்னாலேயே 1400 × 1610 என்று வெட்டிவிட்டதால் இங்கே அதனால் ஒன்றும் ஆகாது. வெட்டாமல் நேரடியாக அதைப் போட்டால் மறுபடி அதே உப்பிய கன்னம்தான். `-strip` படத்துக்குள் இருக்கிற இடக்குறிப்பு, போன் பெயர் எல்லாவற்றையும் நீக்கும், எந்தத் தெருவில் எடுத்தது என்பது விண்ணப்பத்துக்குத் தேவையில்லை. ஜிம்பில் இதற்கு எக்ஸிஃப், சிறுபடம் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். சிலர் எடை கூட்டுவதற்காக அந்தச் சிறுபடத்தை உள்ளே விட்டுவைக்கிறார்கள். எண் நிரம்பும், ஆனால் படத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஏற்றுவதற்கு முன்னால் அந்த வகுத்தலை மறுபடி போட்டோம். புதுப் படத்தில் கண்களுக்கு நடுவே 44, கண்ணிலிருந்து தாடைக்கு 80. 0.55. அவளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஏற்றினதும் முன்னோட்டத்தில் முகம் நடுவில், நேராக, அவளாகவே தெரிந்தாள். அக்காவுக்கு அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் சமர்ப்பித்தாள்.

`nera.png`-ஐ மட்டும் அவள் போனிலும் என் கணினியிலும் வைத்திருக்கிறோம். அடுத்த தேர்வு வேறு அளவு கேட்கும், சதுரமாகக்கூடக் கேட்கலாம். அப்போது 1060, 2180, 1515 இந்த மூன்று எண்ணும் மாறாது, புதுச் சட்டத்துக்கு ஓரங்களை மட்டும் மறுபடி கணக்கிட்டால் போதும். ஒரு தாளில் எழுதி அவள் ஹால் டிக்கெட் ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்தேன்.